திறந்த சாஸ் பாட்டிலுக்கு எந்தத் தேதி?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். தக்காளி சாஸ் பாட்டிலைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை அலமாரியில்தான் இருந்தது. லேபிள் தேதி முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பிள்ளைகளுக்காக வாங்கிய பாஸ்தா சாஸும் பாதி மீதமாகி, ஒரு வாரமாகப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டையும் கொட்டிவிடுங்கள். லேபிளில் உள்ள தேதி மூடி திறக்கப்படாத பாட்டிலுக்கு மட்டுமே உரியது. மூடியைத் திருகிய நாளிலிருந்து, அந்தத் தேதியின் அருகே சிறிய எழுத்தில் இருக்கும் ‘திறந்த பின்’ என்ற குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

இரண்டும் தக்காளிதான் என்றாலும், அவற்றின் ஆயுள் ஒன்றல்ல. தக்காளி சாஸில் வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றும் தாராளமாக இருப்பதால் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. பலவற்றில் 211 என்ற எண்ணால் குறிக்கப்படும் சோடியம் பென்சோயேட்டும் சேர்க்கப்படுகிறது. எனவே திறந்த பிறகு வெளியே ஏறக்குறைய ஒரு மாதமும், ஃபிரிட்ஜில் ஆறு மாதம் வரையும் தாங்கும். லேபிள் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு. நம் திருநெல்வேலிச் சித்திரை வெயிலில், அடுப்புக்கு அருகிலுள்ள அலமாரியில் அந்த ஒரு மாதத்தையும் நான் நம்பமாட்டேன்.

பாஸ்தா சாஸில் வினிகரும் சர்க்கரையும் குறைவு. பெரும்பாலும் சூட்டினால் கிருமிகளை அழித்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பதே அதன் பாதுகாப்பு என்பதால், மூடி திறந்த கணமே அது நாம் வைத்த குழம்பைப் போன்றதாகிவிடுகிறது. ஃபிரிட்ஜிலும் நான்கைந்து நாளே அதன் எல்லை. பாலாடையோ சீஸோ கலந்தது என்றால் இன்னும் கவனம் தேவை.

மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது மட்டும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. மூடியைத் திறக்கும்போது காற்று சீறுவது, குமிழி, கள் போன்ற வாடை ஆகியவை ஈஸ்ட் நொதித்ததைக் காட்டும். பூஞ்சை ஒரு புள்ளி தென்பட்டாலும் வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. புளிப்பை அளக்கும் பி.எச். எண், புளிப்பு கூடினால் குறையும்; அது 4.6-க்குக் கீழே இருக்கும் வரை, பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளராது. பூஞ்சையோ அந்த அமிலத்தையே தின்று புளிப்பைக் குறைத்து, பிற கிருமிகளுக்கு வழிவிடுகிறது. சில பூஞ்சைகளின் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆனால் நோய்க்கிருமி எப்போதும் வாடை காட்டுவதில்லை. முகர்ந்து பார்த்து நாள் கணக்கை நீட்டாதீர்கள்.

இனி பாட்டிலைத் திறக்கும் நாளை லேபிளின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். அடிக்கடி திறக்கப்படும் ஃபிரிட்ஜ் கதவில் குளிர் நிலையாக இருக்காது. தக்காளி சாஸ் அங்கே இருக்கலாம், பாஸ்தா சாஸை உள் தட்டில்தான் வைக்க வேண்டும். தோசையைத் தொட்ட கரண்டியைப் பாட்டிலுக்குள் விடாமல், தேவையானதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். மீந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். பாஸ்தா சாஸ் மீதமாகும் என்று தெரிந்தால், திறந்த அன்றே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அடுத்த முறை வேண்டிய கட்டிகளை மட்டும் நேரே வாணலியில் போட்டுச் சூடாக்கலாம்.