0.91 என்று போட்ட ஆர்.ஓ.சி. படம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எல்லாப் பதில்களுக்கும் ஒரே படத்தை வைத்துக்கொள்வோம். நோய் இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடும் ஒரு மாடல். அதன் ஆர்.ஓ.சி. வளைகோட்டின் ஸ்கிரீன்ஷாட்டில், மூலையில் AUC = 0.91 என்று எழுதியிருக்கிறது. AUC என்பது வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு.

கேள்வி: 0.91 என்றால் நூறு பேரில் 91 பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்று பொருளா?

இல்லை. நோய் உள்ளவர்களில் ஒருவரையும் இல்லாதவர்களில் ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுங்கள். இருவரில் நோயுள்ளவருக்கே அதிக மதிப்பெண் கிடைத்திருக்க 91 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த எண் சொல்வது இது மட்டும்தான். அது வரிசைப்படுத்தும் திறனின் அளவு. எல்லாருடைய மதிப்பெண்ணையும் பாதியாகக் குறைத்தாலும் வரிசை மாறாது, 0.91-உம் மாறாது. அதனால் மதிப்பெண் 0.7 வந்தவருக்கு நோய் இருக்க 70 சதவீத வாய்ப்பு என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. குறுக்கே போகும் புள்ளிக்கோடு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அதன் கீழுள்ள பரப்பு 0.5.

கேள்வி: வெட்டுப்புள்ளி, அதாவது த்ரெஷோல்டு, படத்தில் எங்கே இருக்கிறது? எந்த அச்சிலும் காணோமே?

அச்சில் இருக்காது. வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெட்டுப்புள்ளி. இடது கீழ் மூலையில் அது மிகக் கடுமையானது, யாரையும் நோயாளி என்று சொல்லாது. வலது மேல் மூலையில் எல்லாரையும் சொல்லிவிடும். செங்குத்து அச்சு (True Positive Rate) உண்மையான நோயாளிகளில் எத்தனை பங்கு பிடிபட்டார்கள் என்று காட்டுகிறது. கிடை அச்சு (False Positive Rate) நோயற்றவர்களில் எத்தனை பங்குக்கு வீண் எச்சரிக்கை போனது என்று காட்டுகிறது. எந்தப் புள்ளி எந்த மதிப்பெண்ணுக்குரியது என்பது ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. படம் அனுப்பியவரிடம் அட்டவணையைக் கேளுங்கள். பைத்தானில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```python
from sklearn.metrics import roc_curve
fpr, tpr, thr = roc_curve(y, score)
```

`thr` பட்டியலில் முதல் மதிப்பு `inf` என்று வந்தால் பயப்பட வேண்டாம். யாரையும் தேர்ந்தெடுக்காத தொடக்கப்புள்ளி அது.

கேள்வி: இடது மேல் மூலைக்கு மிக அருகில் உள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பல நேரங்களில் சரியில்லை. 10,000 பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். வளைகோட்டில் இரண்டு புள்ளிகளைப் பாருங்கள்.

முதல் புள்ளியில் செங்குத்தாக 0.80, கிடையாக 0.10. நோயாளிகளில் 80 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 9,900 பேரில் 990 பேருக்கு வீண் எச்சரிக்கை. கூப்பிடப்படும் 1,070 பேரில் உண்மையான நோயாளிகள் சுமார் 7.5 சதவீதம்தான்.

இரண்டாம் புள்ளியில் 0.60, 0.02. பிடிபடுவோர் 60, வீண் எச்சரிக்கை 198. கூப்பிடுவோரில் ஏறத்தாழ 23 சதவீதம் உண்மையான நோயாளிகள்.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தால் கூடுதலாக 20 நோயாளிகள் தவறுகிறார்கள், 792 வீண் எச்சரிக்கைகள் மிச்சம். ஒரு நோயாளியைத் தவறவிடுவதற்கு ஈடாக ஏறத்தாழ 40 பேருக்கு வீண் அலைச்சல் குறைகிறது. இந்தப் பரிமாற்றம் ஏற்கத்தக்கதா என்பதுதான் உண்மையான கேள்வி. அடுத்த கட்டம் ஒரு எளிய ரத்தப் பரிசோதனை என்றால் முதல் புள்ளியே நல்லது. உடலில் ஊசி குத்தித் திசு எடுப்பது என்றால் இரண்டாவதை யோசிக்கலாம்.

பலர் பயன்படுத்தும் யூடன் குறியீடு, செங்குத்து எண்ணிலிருந்து கிடை எண்ணைக் கழிப்பது. முதலாவதுக்கு 0.70, இரண்டாவதுக்கு 0.58. முதலாவதைத்தான் அது தேர்ந்தெடுக்கும். ஆனால் நமது எண்ணிக்கையில் ஒரு நோயாளியைத் தவறவிடுவதும் 99 வீண் எச்சரிக்கைகளும் சமம் என்று அது சொல்லாமலே வைத்துக்கொள்கிறது (9,900-ஐ 100-ஆல் வகுத்தால் வருவது). உங்களுக்கும் அது ஏற்புடையதா என்று பார்த்த பிறகே அந்தப் புள்ளியை எடுங்கள்.

நோயின் பரவல் படத்தில் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். 30 சதவீதம் பேருக்கு நோய் உள்ள இடத்தில் அதே முதல் புள்ளி, கூப்பிடுவோரில் 77 சதவீதம் உண்மையான நோயாளிகளைத் தரும்.

கேள்வி: எங்கள் வளைகோடு படிக்கட்டு மாதிரி இருக்கிறது. கெட்டதா?

நோயாளிகள் குறைவு என்று பொருள். 20 பேர்தான் என்றால் ஒவ்வொரு படியும் 0.05 உயரம். 0.80-க்கும் 0.85-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மனிதர். அதை நம்பி வெட்டுப்புள்ளியை நகர்த்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு வந்த படத்தில் இரண்டே நேர்கோடுகள், நடுவில் ஒரு மடிப்பு. ஏன்?

மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ஏற்கெனவே வெட்டிய 0, 1 விடைகளைக் கொடுத்திருக்கிறார்கள். `predict` போட்ட இடத்தில் `predict_proba`-வின் இரண்டாம் நெடுவரிசை வந்திருக்க வேண்டும். நம் மாடலை முதல் புள்ளியில் வெட்டிவிட்டுப் படம் போட்டால் பரப்பு, பிடிபட்ட நோயாளிகளின் பங்கான 0.80-க்கும் வீண் எச்சரிக்கை போகாத நோயற்றவர்களின் பங்கான 0.90-க்கும் சராசரி, அதாவது 0.85 என்று வரும். அதே மாடலின் உண்மையான 0.91 மறைந்துவிடும், தேர்ந்தெடுக்க வேறு புள்ளியும் இருக்காது.