அந்தச் சண்டையைக் கவிதையில் எப்படிச் சுருக்குவது?

கேள்வி: எனக்குப் பத்து வயது இருக்கும்போது பாகப்பிரிவினைப் பேச்சில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை. அன்று போன சித்தப்பா திரும்ப வரவேயில்லை. அதை 60 வரிக் கவிதையாக எழுதினேன். படித்த தோழி, புகார் மனு மாதிரி இருக்கிறது என்கிறாள். குறைத்தால் அப்பா பக்க நியாயம் போய்விடுமோ என்று பயம். எதை விடலாம்? (பின்குறிப்பு: சித்தப்பா கிளம்பும்போது அவர் செருப்பு வாரை நான்தான் மாட்டிவிட்டேன். கவிதைக்குச் சம்பந்தமில்லை என்று அதைச் சேர்க்கவில்லை.)

பதில்: முதலில் விட வேண்டியது சண்டைக்கான காரணத்தை. யாருக்கு எந்தப் பங்கு, யார் வாக்குத் தவறினார் என்று எழுதியதுமே படிப்பவர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் முதல் 22 வரிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பத்து வயதில் அந்தக் கணக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? அதெல்லாம் பின்னால் பெரியவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று நீங்கள் பார்த்தது, கேட்டது எது, பிறகு தெரிந்துகொண்டது எது என்று ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் குறித்துப் பாருங்கள். பிறகு தெரிந்துகொண்டதை எல்லாம் கவிதையிலிருந்து எடுத்துவிடலாம்.

அப்புறம், நீங்கள் பின்குறிப்பில் போட்டீர்களே, அதுதான் கவிதை. அப்பா கத்திக்கொண்டிருக்கிறார், அவர் பிள்ளை குனிந்து சித்தப்பாவின் செருப்பை மாட்டிவிடுகிறது. அது பாசமா, அவர் சீக்கிரம் போய்விட்டால் போதும் என்ற பயமா, அப்பாவுக்குச் செய்த துரோகமா? உங்களுக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கவிதையில் அந்த இடத்தில் இப்படி இருக்கிறது:

நியாயம் கேட்ட அப்பாவை
நன்றி மறந்து உதறிவிட்டு
சித்தப்பா வெளியேறியபோது
நொறுங்கியது என் பிஞ்சு மனம்

'நியாயம்', 'நன்றி மறந்து', 'நொறுங்கியது' மூன்றுமே முடிவுகள். படிப்பவர் தானாக வந்து சேர வேண்டிய இடத்துக்கு நீங்களே இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன்:

'உனக்கு நான்' என்று தொடங்கினார் அப்பா.
சித்தப்பா செருப்பு வாரோடு போராடிக்கொண்டிருந்தார்.
கம்பி ஓட்டையில் ஏறவில்லை.
குனிந்து மாட்டிவிட்டேன்.

அப்பாவின் பேச்சை 'உனக்கு நான்' என்பதோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதனால் அதற்கு முன்னால் வெட்டினால் அப்பா செய்தது என்ன, செய்யாதது என்ன என்பது அப்படியே தொங்கி நிற்கும். நீங்கள் பயந்த அப்பா பக்க நியாயம் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. 'சித்தப்பா' என்றதுமே அவர் அப்பாவின் தம்பி, சொல்வது அண்ணன் பிள்ளை என்றுதான் படிப்பவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார், அதனால் உறவை விளக்கும் வரிகளும் வேண்டாம். 'மாட்டிவிட்டேன்' என்பதன் விகுதியே போதும், 'நான்' கூடத் தேவையில்லை.

பெயர்களையும் எடுத்துவிடுங்கள். காதலைப் பாடும் அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் அரசன் பெயரே வராது, ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்ததாக ஒரு இடம் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம், அதனாலேயே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டை அகம் அல்ல, புறம் என்றார். ஒரே ஒரு அடையாளம் போதும், எல்லோருக்கும் உரிய பாட்டு ஒருவருடைய பாட்டாகிவிடும். உங்கள் கவிதையில் சித்தப்பா பார்த்த வேலை, வீட்டு எண், அந்தத் தேதி மூன்றும் அப்படிப்பட்டவை. உறவினர் யாராவது படித்தால், அதைப் பிடித்துக்கொண்டுதான் சண்டையை மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் விடுகதையாகிவிடும். உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் விளக்காமல் படிக்கச் சொல்லுங்கள். "எதுக்குச் சண்டை?" என்று கேட்டால் பரவாயில்லை, அப்படியே விடுங்கள். "கிளம்புறது யாரு?", "குனிஞ்சது யாரு?" என்று கேட்டால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள், ஒரு வரியைத் திரும்பச் சேருங்கள். என் நாலு வரியிலேயே ஒரு குறை இருக்கிறது: அது குழந்தை என்பது தெரியவில்லை. உயரம் தெரிய வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்க்க அண்ணாந்தீர்களா, இல்லை அவர் கைதான் கண்ணுக்கு நேராக இருந்ததா? அது உங்களுக்குத்தான் தெரியும், அந்த ஒரு வரியை நீங்கள்தான் எழுத முடியும்.

சித்தப்பா திரும்பி வரவேயில்லை என்ற கடைசிப் பத்தியும் வேண்டாம். செருப்பு மாட்டியதோடு நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு வரி வந்தாலும், மாட்டிவிட்ட கைக்கு நீங்கள் சமாதானம் சொல்வது போலாகிவிடும்.

மிச்சமுள்ள வரிகளைக் கிழித்துப் போட வேண்டாம். சொத்துக் கணக்கு, யார் என்ன சொன்னார், அப்பா எப்படி ஏமாந்தார் எல்லாவற்றையும் உரைநடையில் தேதி, பெயரோடு தனியாக எழுதி வையுங்கள். அப்பாவுக்காக நீங்கள் பேச நினைப்பதை அங்கே முழுசாகப் பேசலாம்.