ஜி6பிடி 'நார்மல்' என்று வந்துவிட்டது, மாத்திரையை மறுபடி தொடங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வைவாக்ஸ் மலேரியா குணமானபின் பிரைமாகுயின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு. ஹீமோகுளோபின் 13.8-லிருந்து 8.4 ஆனது. மொத்த பிலிருபின் 4.2, டைரக்ட் 0.6. மாத்திரையை நிறுத்தி, ஏழாம் நாள் பார்த்த ஜி6பிடி நார்மல், கூம்ப்ஸ் நெகட்டிவ். அப்படியானால் கல்லீரல் கோளாறா? மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: மாத்திரையை இப்போது தொடாதீர்கள். அந்த 'நார்மல்' முடிவை நான் நம்பமாட்டேன்.

ஜி6பிடி என்ற நொதி சிவப்பணுவைச் சில மருந்துகளின் தாக்குதலிலிருந்து காக்கிறது. அணுவுக்கு வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். குறைபாடு உள்ளவருக்கு பிரைமாகுயின் கொடுத்தால் முதலில் உடைவது நொதி தீர்ந்துபோன கிழட்டு அணுக்கள்தான். ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில் மிஞ்சியிருந்தவை இளம் அணுக்களும், எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்பிய புத்தம் புதிய அணுக்களும். அவற்றில் நொதி ஓரளவு இருக்கும், பரிசோதனையும் ஏமாந்துவிடும். அந்தப் புதிய அணுக்களின், அதாவது ரெட்டிகுலோசைட்டின், அன்றைய எண்ணிக்கை கூடியிருந்ததா என்று பாருங்கள். கூடியிருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் முடிவு தவறும். மூன்று மாதம் கழித்து இதே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கல்லீரலைச் சந்தேகிக்க இந்த எண்கள் இடம் தரவில்லை. 4.2-இல் டைரக்ட் வெறும் 0.6 என்றால் மீதி 3.6 இன்டைரக்ட். உடைந்த அணுக்களிலிருந்து வந்த பிலிருபினைக் கல்லீரல் பதப்படுத்தி முடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இன்டைரக்ட் பிலிருபின் சிறுநீரில் இறங்காது. கறுப்பு நிறம் ஹீமோகுளோபினால் வந்தது. பட்டைச் சோதனையில் 'ரத்தம்' என்று காட்டும், நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றும் தெரியாது. பழைய சிறுநீர் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கூம்ப்ஸ் நெகட்டிவ் என்பதால், உடலே தன் அணுக்களுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும் வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த வகையில் பெரும்பாலும் கூம்ப்ஸ் பாசிட்டிவ் வரும், ஸ்டீராய்டு தேவைப்படலாம். மெத்தில்டோபா, செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவை ஆன்டிபாடி வழியாகவே அணுக்களை உடைப்பவை, அது வேறு கதை. உங்கள் மகனுக்கு ஸ்டீராய்டால் பயன் இருக்காது.

மூன்று மாதம் கழித்துக் குறைபாடு உறுதியானால் டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் ப்ளூ ஆகிய தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பெயரை எழுதி அவர் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். மலேரியா திரும்பாமல் தடுக்க, வாரம் ஒருமுறை வீதம் 8 வாரம் பிரைமாகுயின் தரும் முறை உண்டு. ஆனால் மருத்துவக் கண்காணிப்பில், ஹீமோகுளோபினைப் பார்த்துப் பார்த்துத்தான் தரவேண்டும். அப்புறம், இந்தக் குறைபாடு மகனுக்குத் தாய்வழியாக வருவது. அவருக்குத் தம்பி இருந்தால் அவருக்கும் பரிசோதியுங்கள்.

அதற்கு முன், மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ மறுபடி கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.