பாக வழக்கில் இடைக்காலத் தடை: நிலத்தில் யார் எதைச் செய்யலாம்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் எங்கள் அப்பா நிலம் 1 ஏக்கர் 40 சென்ட். தென்னையும் கிணறும் உண்டு. அப்பா காலமான பிறகு நான்தான் பயிர் பார்க்கிறேன். அக்கா பாகம் கேட்டு என் மேலும் அம்மா மேலும் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். "எதிர்மனுதாரர்கள் அடுத்த வாய்தா வரை மனு சொத்தை விற்கவோ, வில்லங்கப்படுத்தவோ, அதன் தன்மையை மாற்றவோ கூடாது" என்று ஆர்டரில் இருக்கிறது. மாமாவோ, "கோர்ட்டே நிலத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டது, இனி உள்ளே வராதே" என்கிறார். கம்பி வேலி போட ஆள் கூட்டி வருவாராம். தேங்காய் வெட்டலாமா? நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? பாதியில் நிற்கும் ஷெட்டை முடிக்கலாமா? அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தாருங்கள்.

பதில்: உங்கள் மாமா சொல்வது அந்த உத்தரவில் இல்லை. அது நிலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. யாருக்கு எவ்வளவு பாகம் என்றும் சொல்லவில்லை. வழக்கு முடிகிற வரை பங்கு போட வேண்டிய சொத்து கைமாறிப் போகாமலும் உருமாறாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக உங்கள் இருவரின் மேலும் மூன்று தடைகளைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய உத்தரவைப் படிக்கும்போது முன்பக்கத்தில் அக்கா தரப்பு சொன்ன கதையை விட்டுவிட்டு, கடைசியில் வரும் கட்டளைப் பத்திக்குப் போங்கள். முன்னால் வருவதெல்லாம் ஒரு தரப்பு வாதம். பலர் அதைப் படித்துவிட்டு நீதிமன்றமே அப்படிச் சொன்னதாக நினைத்து வீட்டில் சண்டை போடுகிறார்கள். கட்டளைப் பத்தியில் நான்கு விஷயம் பார்த்தால் போதும்: யாருக்குத் தடை, எந்தச் சொத்துக்கு, எந்தக் காரியங்களுக்கு, எந்தத் தேதி வரை.

சொத்து எது என்பதற்கு மனுவோடு இருக்கும் சொத்து விவரப் பட்டியலை எடுத்து, சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லைகளை உங்கள் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத சொத்துக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் பெயரில் வேறு மனை இருந்து அது பட்டியலில் வராவிட்டால், அது இந்த உத்தரவுக்கு வெளியே. அதே சமயம் சர்வே எண் தப்பாகப் பதிவாகியிருந்தால், "எங்கள் நிலம் இதில் இல்லை" என்று நீங்களாக முடிவு கட்டி இறங்கிவிடாதீர்கள். எல்லை சரியாகப் பொருந்தினால் நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்பது சந்தேகம்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தேங்காய் வெட்டலாம். உழலாம், நீர் பாய்ச்சலாம், வேர்க்கடலை போடலாம், விளைந்ததை விற்கலாம். விளைச்சலை விற்பது நிலத்தை விற்பது ஆகாது. ஆனால் தென்னை மரத்தையே வெட்டிச் சாய்த்தால், அது சொத்தின் தன்மையை மாற்றுவதுதான். இன்னொன்று: ஒவ்வொரு வெட்டிலும் எத்தனை காய், என்ன விலை, கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் தீர்ப்பாகும்போது அக்கா தன் பங்கு வருமானத்துக்கும் கணக்குக் கேட்க முடியும். கணக்கு இல்லாதவர்தான் அப்போது மாட்டிக்கொள்வார்.

நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கக் கூடாது. பத்திரத்தைக் கொடுத்து வாங்கும் கடனும் வில்லங்கம்தான். உங்கள் நகையை வைத்துக் கடன் வாங்கினால் இந்த உத்தரவு குறுக்கே வராது. நிலத்தை வெளியாளுக்குக் குத்தகை விடுவதையும் தவிருங்கள். அதுவும் சொத்தின் மேல் இன்னொருவருக்கு உரிமை உண்டாக்குகிற வேலை.

ஷெட்டில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "உத்தரவுக்கு முன்பே ஆரம்பித்தது, முடித்துவிடலாமே" என்பார்கள். முடிக்கக் கூடாது. உத்தரவு உங்களுக்குத் தெரிந்த நாளில் ஷெட் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நிறுத்துங்கள். அன்றைய தேதியோடு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய மோட்டார் கொட்டகை ஓட்டை மாற்றுவது, பம்ப் ரிப்பேர் பார்ப்பது போன்ற பராமரிப்பு வேறு. கிணற்றை ஆழப்படுத்துவது போல் இரண்டும் கெட்டான் வேலை வந்தால், முதலில் மனு போட்டு அனுமதி வாங்கி, அப்புறம் செய்யுங்கள். தடையை மாற்றவும் நீக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 4 இடம் தருகிறது.

இனி அக்கா பக்கம். இந்த உத்தரவு அவர் மேல் தடை எதுவும் போடவில்லை. அதற்காக உங்களை வெளியேற்றும் அதிகாரமும் தரவில்லை. வேலி போட்டு உங்களை நிறுத்துவதற்கு மாமாவுக்கு வேறு உத்தரவு வேண்டும், அது இல்லை. பிரச்சினை செய்தால் காவல் நிலையத்தில் இந்த ஆர்டர் நகலைக் காட்டுங்கள், நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதைக் காக்க நீங்களும் மனு போடலாம். ஆனால் அக்கா நிலத்துக்கு வந்து பார்த்தால் தடுக்காதீர்கள், கேட்டுக்குப் பூட்டும் போடாதீர்கள். கூட்டுச் சொத்தில் அவருக்கும் நுழைய உரிமை உண்டு என்பதே அவருடைய வாதம். நீங்கள் துரத்தினால் அதை அவர் தரப்புக்கு நீங்களே சாட்சியாக்கிக் கொடுக்கிறீர்கள். அவர் தன் பங்கென்று யாருக்காவது எழுதிக்கொடுத்தாலும், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே.

தடையை மீறினால் சொத்து ஜப்தியும், 3 மாதம் வரை சிவில் சிறையும் வரலாம் (கட்டளை 39, விதி 2-ஏ). ஆர்டர் கையில் வந்து சேரவில்லை என்பது காப்பாற்றாது, தெரிந்திருந்தாலே போதும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, நிலம் இன்னும் நம்ம எல்லோருடையதும்தான். நாம விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, புதுசா கட்டக் கூடாது. பயிர் பண்ணலாம், காய் வெட்டலாம், கணக்கு எழுதணும். அக்கா வந்து போகலாம், நம்மை வெளியே அனுப்ப முடியாது. இது அடுத்த வாய்தா வரைக்கும்தான்."

அந்தக் கடைசி வரி முக்கியம். உத்தரவில் தேதி இருந்தால் அன்று நீட்டிப்பு ஆகியதா என்று வக்கீலிடம் கேட்டோ, ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண் போட்டோ பாருங்கள். நீட்டிக்காவிட்டால் தடை முடிந்தது, ஆனால் வழக்கு நடக்கிறது. அன்றே விற்கக் கிளம்புவது புத்திசாலித்தனம் அல்ல. உங்களைக் கேட்காமலே கொடுத்த உத்தரவு என்றால், மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகலைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பினார்களா என்று கவரின் தேதியைப் பாருங்கள். அதே கட்டளை 39-ன் விதி 3 அதைக் கட்டாயமாக்குகிறது. அனுப்பாதது தடையை நீக்கக் கேட்க நல்ல காரணம். மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, எனவே எதிருரையைத் தாமதிக்காமல் போடச் சொல்லுங்கள். இரு தரப்பும் கேட்டு இறுதி உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், மேல்முறையீடு செய்யலாம்; அது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதானால் 30 நாள் உண்டு. நகலுக்கு மனு போடும் நாள் முதல் நகல் தயாராகும் நாள் வரை உள்ள நாட்கள் அந்தக் கணக்கில் சேராது, ஆகவே உத்தரவு வந்த மறுநாளே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள்.