எட்டு வயதுக்கு எந்த சயின்ஸ் கிட்? முதலில் ஒரு மோட்டார், ஒரு பல்பு, இரண்டு செல்

"என் மகளுக்கு எட்டு வயது. ஃபேன் எப்படிச் சுற்றுகிறது, டார்ச்சில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஓயாமல் கேட்கிறாள். போன வாரம் டிவி ரிமோட்டைக் கழற்றிவிட்டாள். சயின்ஸ் கிட் வாங்கித் தரலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. நூறு சோதனை உள்ள பெரிய பெட்டியா, ரோபோ கிட்டா, மாதாமாதம் வீட்டுக்கு வரும் பெட்டியா? எதை வாங்கினால் இரண்டு நாளில் மூலையில் போய்க் கிடக்காது?"

மூன்றும் வேண்டாம். உதிரிப் பாகங்களாக வரும் எளிய மின்சார கிட் ஒன்றை வாங்குங்கள். இரண்டு ஏஏ செல் போடும் ஹோல்டர், மூன்று வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், டார்ச் பல்பும் அதைத் திருகும் ஹோல்டரும், ஒரு சுவிட்ச், இரண்டு முனையிலும் முதலை வாய் கிளிப் வைத்த ஆறேழு வயர், எனாமல் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம், ஒரு இரும்பு ஆணி. இவ்வளவு இருந்தால் போதும். உங்கள் மகள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

நூறு சோதனைப் பெட்டியை நான் ஏன் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்முறை சொல்லித் தருகிறேன், இந்தப் பெட்டிகள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. உள்ளே பார்த்தால் சோடா மாவும் சிட்ரிக் அமிலமும் நாலு வண்ணப் பொடியும்தான் இருக்கும். அதையே சிவப்பாகப் பொங்கவிட்டால் ஒரு சோதனை, நீலமாகப் பொங்கவிட்டால் இன்னொரு சோதனை. அப்படித்தான் எண்ணிக்கை நூறைத் தொடுகிறது. பொங்குவதை எரிமலை என்று வேறு பெயர் வைத்திருப்பார்கள். நிஜ எரிமலையில் அமிலமும் சோடாவும் கலப்பதில்லை. ஆழத்தில் உருகிய பாறையில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் குறையும்போது வெடித்து வெளியே வருகிறது. "எப்படி?" என்று கேட்கிற பிள்ளைக்குத் தவறான பதிலைக் காசு கொடுத்து வாங்கித் தருவதாகத்தான் ஆகும். பொடி தீர்ந்ததும் பெட்டியும் தீர்ந்தது.

ஒரு கிட்டைப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை இதில் ஏதாவது ஒன்றை மாற்றினால் விளைவு மாறுமா? மின்சார கிட்டில் மாறும். உங்கள் வீட்டில் முதல் நாள் இப்படிப் போகட்டும்.

மோட்டாரின் தண்டில் ஒரு துண்டுக் காகிதத்தை இறக்கை மாதிரி ஒட்டிவிடுங்கள். ஒரு செல்லில் இணைத்தால் சுற்றும். இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பிடித்தால் எதிர்த்திசையில் சுற்றும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு செல் போட்டால் வேகம் கூடும். அப்புறம் அதே வரிசையில் பல்பையும் சேருங்கள்: செல்லிலிருந்து பல்பு, பல்பிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து திரும்பச் செல். மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், சில நேரம் விரலால் ஒரு தட்டுத் தட்டித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியாதது போலவே இருக்கும். இப்போது ஓடுகிற மோட்டாரின் தண்டை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று பிரகாசமாகும். விட்டால் மறுபடி மங்கும்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளையும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நிறுத்தினால் ஏன் வெளிச்சம் கூடுகிறது? சுற்றும் மோட்டார் தானும் ஒரு சின்ன ஜெனரேட்டர். செல் தள்ளுகிற மின்சாரத்தை அது எதிர்த்துத் தள்ளுகிறது, அதனால் சுற்றில் கொஞ்சம்தான் ஓடுகிறது. தண்டைப் பிடித்தால் எதிர்ப்பு போய்விடும், மின்சாரம் அதிகமாகப் பாயும். எட்டு வயதுக்கு இவ்வளவு விளக்கம் போதும். பிடித்த விரலை இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிடித்தபடியே இருந்தால் மோட்டாருக்குள் சூடேறும்.

அடுத்தது ஆணியும் கம்பியும். எனாமல் கம்பியை ஆணியில் ஒரே திசையில் ஐம்பது சுற்று நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் ஒரு செல்லில் தொட்டால் ஆணி பேப்பர் கிளிப்பைத் தூக்கும். இதில் பத்துக்கு எட்டுப் பேர் தோற்பது ஒரே காரணத்தால்தான். கம்பி பார்க்கச் செம்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும், ஆனால் மேலே இருக்கும் எனாமல் மின்சாரத்தை விடாது. இரண்டு முனையிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். நிறம் கொஞ்சம் வெளிறி ரோஜா நிறம் தட்டும், அதுதான் அடையாளம். பாதியில் சுற்றும் திசையை மாற்றினாலும் ஒரு பாதி இன்னொரு பாதியை அழித்துவிடும். தொடுவது ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், கம்பி சுடும். ஆணி கிளிப்பைத் தூக்கியதும், மோட்டாருக்குள்ளும் இதே மாதிரிக் கம்பிச் சுற்றுதான் இருக்கிறது, பக்கத்திலுள்ள காந்தம் அதை இழுத்தும் தள்ளியும் சுற்றவைக்கிறது என்று காட்டலாம். கூரை ஃபேன் மோட்டாரின் அமைப்பு வேறுதான். ஆனாலும் அங்கேயும் கம்பிச் சுற்றில் உண்டாகும் காந்தம்தான் சுற்றவைக்கிறது.

இங்கே சாதாரண ஏஏ செல்லைத்தான் வாங்குங்கள். ரீசார்ஜ் செல் நல்லது என்று கடையில் சொல்வார்கள், நானும் டார்ச்சுக்கு அதைத்தான் போடுவேன். ஆனால் பிள்ளை இரண்டு முனையையும் தவறுதலாக நேரடியாக இணைத்தால் ரீசார்ஜ் செல் மிக வேகமாக மின்சாரத்தைக் கொட்டும், வயர் கையைச் சுடும். சாதாரண செல் அவ்வளவு கொடுக்காது. லித்தியம் ரீசார்ஜ் செல் உள்ள கிட்டை இந்த வயதுக்கு வாங்கவே வாங்காதீர்கள். சுவர் பிளக்கில் மாட்டும் அடாப்டரோடு வரும் கிட்டும் வேண்டாம்.

பல்பு என்றுதான் சொன்னேன், எல்இடி வேண்டாம். பல்பை எந்தப் பக்கமாக மாட்டினாலும் எரியும், செல் குறைந்தால் மங்கும், பிள்ளை பார்த்துப் புரிந்துகொள்ளும். எல்இடி ஒரு திசையில்தான் எரியும், மாற்றி மாட்டினால் சும்மா இருக்கும். "கெட்டுப்போச்சு" என்று பிள்ளை தூக்கிப் போட்டுவிடும்.

ஆனால் டார்ச் பல்பு அருகிவிட்டது, நீங்கள் தேடும் கிட்டில் எல்இடி மட்டுமே இருக்கலாம். அப்போது வாங்கலாம், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிவப்பு எல்இடியாகப் பாருங்கள். அதற்குச் சுமார் இரண்டு வோல்ட் வேண்டும், ஒரு செல்லின் 1.5 வோல்ட்டில் எரியாது. ஒரு செல்லில் போட்டுப் பார்த்து, பழுது என்று கிட்டைத் திருப்பி அனுப்பிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை, நீல எல்இடிக்குச் சுமார் மூன்று வோல்ட் வேண்டும், இரண்டு செல் கொஞ்சம் தேய்ந்தாலே மங்கிப்போகும். இரண்டு செல்லுக்கும் சிவப்பு எல்இடிக்கும் நடுவில் நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதில் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என மூன்று பட்டையும் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு தங்கப் பட்டையும் இருக்கும். எல்இடியின் நீளமான கால் செல்லின் பிளஸ் பக்கம். ரெசிஸ்டர் இல்லாமல் ஒன்பது வோல்ட் பேட்டரியில் தொட்டால் எல்இடி ஒரு நொடியில் கருகும். ஏற்கனவே ரெசிஸ்டர் சேர்த்துப் பலகையில் பொருத்திய எல்இடியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. முன்னே சொன்ன மோட்டார் விளையாட்டை மட்டும் எல்இடியை வைத்துச் செய்ய முடியாது.

இப்போது வாங்கும் விஷயம். பெட்டியின் மேல் எழுதிய சோதனை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உள்ளே என்னென்ன பாகம் என்ற பட்டியலைப் பாருங்கள். பட்டியல் இல்லாத கிட்டை விடுங்கள். "வீட்டில் உள்ள பொருள் சில தேவைப்படும்" என்று சின்ன எழுத்தில் இருந்தால் என்ன பொருள் என்று கேளுங்கள். "வயது 8+" என்ற முத்திரையைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியது, பிள்ளைக்குப் புரியுமா என்பதைப் பற்றியது அல்ல. புரியுமா என்று பலர் சோதித்து எழுதுவதில்லை. எனக்கு இதில் கோபமே வரும்.

பள்ளி வழியாக வரும் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை. கிட், வகுப்பு, சான்றிதழ் என்று மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். ஒருமுறை நான் பாடம் எடுத்த ஒரு பள்ளியில், ஆளுக்கொரு ரோபோ கிட் வாங்கவைத்தார்கள். எல்லாவற்றிலும் பாகங்கள் முன்னமே பொருத்தி, வயர் பசைவைத்து ஒட்டியிருந்தது. பிள்ளைகள் செய்தது சுவிட்ச் போட்டதுதான். அதற்குச் சான்றிதழும் உண்டு. கண்காட்சியில் மதிப்பெண்ணும் அதற்குத்தான். மாதாந்திரப் பெட்டியில் வேறொரு குறை: போன மாதத்து மோட்டாரோடு பிள்ளை இன்னும் விளையாடும்போதே அடுத்த பெட்டி வந்து நிற்கும்.

வீட்டில் உங்கள் மகளைவிடச் சின்னப் பிள்ளை இருந்தால் பொத்தான் செல்லும், சிறிய பலமான காந்தங்களும் உள்ள கிட் வேண்டவே வேண்டாம். பொத்தான் செல்லை விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்வி, ஓட்டை போட்டுவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ரிமோட்டை அவள் கழற்றியதற்கு திட்ட வேண்டாம். செல்லை எடுத்த பிறகு திறக்கட்டும், பழைய டார்ச், பேட்டரி பொம்மை எல்லாம் கொடுங்கள். பிளக்கில் இணைக்கும் சாமான், மைக்ரோவேவ், ஃபிளாஷ் உள்ள பழைய கேமரா ஆகியவற்றை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே சேர்ந்திருக்கும் மின்சாரம் தாக்கலாம். இந்தப் பட்டியலை அவளையே எழுதவைத்து, ஸ்குரூடிரைவர் வைக்கும் டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.