நாளிதழ்ப் படத்தில் அலை அலையாய்க் கோடு: ஸ்கேன் கேள்வி பதில்

மஞ்சக்குப்பம், கடலூர்: வெள்ளி கடற்கரையில் தாத்தா நிற்கும் படம் பழைய நாளிதழில் வந்தது. 300 dpi-இல், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலாக, ஸ்கேன் செய்தால் வானம் முழுக்க அலை அலையாகக் கோடு. கண்ணாடி அழுக்கா அண்ணா?

கண்ணாடி பாவம், விட்டுவிடுங்கள். அச்சில் சாம்பல் நிறத்துக்குத் தனி மை இல்லை. கருப்புப் புள்ளிகளைச் சிறிதும் பெரிதுமாக வைத்தே அதைக் காட்டுகிறார்கள். லென்ஸ் வைத்து, புள்ளி வரிசை சாய்ந்திருக்கும் திசையிலேயே அரை சென்டிமீட்டருக்கு எண்ணிப் பாருங்கள். பதினேழு வந்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 85 புள்ளி. 300-இல் ஒரு புள்ளிக்கு மூன்றரை பிக்சல்தான் கிடைக்கும். ஒன்று பிக்சலோடு பொருந்தி விழும், அடுத்தது பாதி தள்ளி விழும். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் வருமே, அதே அலைதான் இது.

600-இல், TIFF-ஆக, ஸ்கேனரின் கூர்மையாக்கலை நிறுத்திவிட்டு எடுங்கள். இப்போது ஒரு புள்ளிக்கு ஏழு பிக்சல். அதில் பாதி, 3.5 அளவுக்கு, மங்கலாக்கினால் புள்ளிகள் கலந்து சாம்பலாகிவிடும். அப்புறம் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, கடைசியாக லேசாகக் கூர்மையாக்குங்கள். ImageMagick என்ற இலவச மென்பொருளில் மூன்றுக்கும் ஒரே கட்டளை:

```
magick in.tif -gaussian-blur 0x3.5 -resize 33.3% -unsharp 0x0.8 out.png
```

புள்ளி இன்னும் தெரிந்தால் 4 போடுங்கள். தாத்தாவின் மீசை கரைந்தால் 3-க்கு இறங்குங்கள்.

முத்தியால்பேட்டை: 1200-இல் எடுத்தால் அலையே வராது, வேறெதுவும் செய்ய வேண்டாம் என்கிறார்களே?

முதல் பாதி ஓரளவு சரி. புள்ளிகள் தெளிவாகப் பதியும். ஆனால் புள்ளி புள்ளியாகத்தானே இருக்கும்? அதைச் சுருக்கி போனில் அனுப்பினால் அலை திரும்பி வந்து நிற்கும். கணினித் திரையில் சின்னதாக்கிப் பார்க்கும்போதும் இல்லாத அலை தெரியும். 100%-இல் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வில்லியனூர்: என் கல்யாண போட்டோவிலும் தேன்கூடு மாதிரி வருகிறது. இதே கட்டளையைப் போட்டேன், முகமே போய்விட்டது!

அக்கா, உங்களுடையது அச்சுப் படம் இல்லை, ஸ்டுடியோ போட்டோ. அந்தக் காலத்துச் சொரசொரப்புத் தாள். மேடுபள்ளத்தின் நிழல்தான் தேன்கூடாகத் தெரிகிறது, அங்கே மைப்புள்ளியே இல்லை. ஒருமுறை நேராகவும், ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் எடுத்து, இரண்டையும் பொருத்திப் பாதிப் பாதியாகக் கலந்து பாருங்கள். நிழல்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிடும்.

நெல்லிக்குப்பம்: அச்சுப் புள்ளியைக் கலைக்க ஸ்கேனரிலேயே Descreening என்ற வசதி இருக்கிறதே, அது போதாதா?

பல சமயம் போதும். Newspaper, Magazine என்று கேட்டால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். வார இதழின் புள்ளி நாளிதழைவிடப் பொடி. ஸ்கேன் செய்யும் பகுதியாகப் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீழே இருக்கும் எழுத்தும் மங்கும்.

மஞ்சக்குப்பம்: இன்னொரு துணுக்கு கரையான் தின்றுவிட்டது அண்ணா. முன்பு 300-இல் எடுத்த JPEG மட்டும் இருக்கிறது.

அதுதான் சிக்கல். அலை படத்திலேயே பதிந்துவிட்டது, புள்ளியைக் கலைத்தாலும் அது போகாது. வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நன்றாக மங்கலாக்கலாம். சட்டை, முகத்தில் விழுந்த அலையை நான் இதுவரை முழுதாக எடுத்ததில்லை. வேறு யாருக்காவது அந்த நாளிதழ் பிரதி கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள்.