பழைய வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லி, புதுத் துணிகளை முதலில் பார்க்க எப்படி அழைப்பது?

கேள்வி: "சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் புது குர்த்திகள் வருகின்றன. அடிக்கடி வாங்குபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதி அனுப்பலாம்?"

முதலில் சரக்கை எண்ணுங்கள். 60 குர்த்தி வந்தால் 30 பேரை அழையுங்கள், போதும். 200 பேரை அழைத்து, வந்தவர்களுக்கு அளவு இல்லை என்றால் நன்றி சொன்னதே மனத்தாங்கலாகிவிடும்.

நன்றியில் அவர் வாங்கியதைச் சொல்லுங்கள். அப்போதுதான் அது அவருக்கே எழுதியதாக இருக்கும்:

"வணக்கம் மீனா அக்கா. பொங்கலுக்கு எடுத்த மயில்நீலச் சேலை எப்படி இருந்தது? தொடர்ந்து நம் கடைக்கு வருவதற்கு மிக்க நன்றி. புதுக் குர்த்திகள் சனிக்கிழமைதான் வெளியே வைக்கிறோம். நீங்கள் வியாழன் மாலை 6 முதல் 9 வரை வந்து முதலில் பார்க்கலாம். உங்கள் எல் அளவில் இரண்டு எடுத்து வைக்கவா? இதுபோன்ற செய்தி வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் விளம்பரச் செய்திக்கும் தனிநபர் தரவுக்கும் சட்டம் உண்டு.

அப்புறம், பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். முப்பதே பேர்தானே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டு டிக் விழுந்ததா என்றும் பாருங்கள். மறுநாளும் ஒரே டிக் என்றால் போன் செய்துவிடுங்கள்.